தேர்வு அட்டவணையில் ‘மோதல்’ என்பது எது?

செந்தாமரை:

அன்புள்ள குழுவினருக்கு,

பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை அமைக்கும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். எந்த மாணவருக்கும் ஒரே நாளில் இரண்டு தாள்கள் வரக்கூடாது என்பதே அதன் முதல் விதி. ஒரு மாணவராவது சேர்ந்து எழுதும் இரண்டு தாள்களை அது ஒரு கோட்டால் இணைத்துக் காட்டுகிறது. அவ்விரண்டும் ஒரே நாளில் அமைந்துவிட்டால் சிவப்பில் எச்சரிக்கிறது. கோட்டையும் எச்சரிக்கையையும் நான் ‘மோதல்’ என்றே எழுதியிருந்தேன். பார்த்த தேர்வுப் பிரிவு அலுவலர் ஒருவர், “அட்டவணையே இன்னும் போடவில்லை, அதற்குள் இத்தனை மோதல்களா?” என்று கேட்டார். தகுந்த சொற்களைத் தர வேண்டுகிறேன்.

அறவாழி:

அலுவலரின் கேள்வி நியாயமானது. அந்தக் கோடு, இரண்டு தாள்களுக்கும் பொதுவாக ஒரு தேர்வர் இருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. அது பெயர்ப்பதிவுப் பட்டியலிலிருந்து வருவதால், அட்டவணை எப்படி மாறினாலும் மாறாது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் பற்றிய கணிதப் பிரிவான கோட்டுருவியலில் தாள்களை முனைகளாகவும் இக்கோடுகளை விளிம்புகளாகவும் கொண்டு, ஒரு விளிம்பின் இரு முனைகளுக்கும் ஒரே நிறம் வராதபடி நிறமிடுவார்கள். வெல்ஷ், பவல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் எழுதிய கட்டுரையே நிறமிடலை அட்டவணைச் சிக்கலோடு சேர்த்துப் பேசுகிறது. ஆகவே கோட்டுக்குத் ‘தேர்வர்ப் பிணைப்பு’ என்றும், பிணைந்த இரு தாள்கள் ஒரே நாளில் விழுந்தால் ‘நாள்மோதல்’ என்றும் சொல்லலாம்.

‘நாள்’ என்ற அடை தேவையானது. முற்பகலும் பிற்பகலும் தேர்வு நடக்கும் இடத்தில் நிறம் என்பது அமர்வு என்று கொண்டால், ஒரே நேரத்தில் இரண்டு தாள்கள் வருவதை மட்டுமே தடுக்க முடியும். நிறம் என்பது நாள் என்று கொண்டால் நம் விதி நேராக நிறைவேறுகிறது. அதன்பின் ஒரு நாளுக்குரிய தாள்களுக்கிடையே பொதுத் தேர்வர் எவரும் இல்லாததால், கூடத்தின் இருக்கைகளுக்கு ஏற்ப அவற்றை முற்பகலிலோ பிற்பகலிலோ விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.

நாச்சியார்:

‘நாள்மோதல்’ நன்றாக இருக்கிறது. ஒரு மாணவர் அதிகபட்சம் எத்தனை தாள்கள் எழுதுகிறாரோ, அத்தனை நாள்கள் இருந்தால் நாள்மோதல் வராது அல்லவா? அந்த எண்ணையே ‘தேவையான நாள்கள்’ என்று காட்டிவிடலாம்.

மறைமலை:

என் மகளுக்குப் போன பருவத்தில் ஒரு நாள் பிற்பகலில் ஒரு தாள், மறுநாள் காலையில் அடுத்த தாள். இடையில் தூங்கக்கூட நேரமில்லை. இதையும் நாள்மோதல் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அறவாழி:

நாச்சியார் அவர்கள் சொல்வது பாதி சரி. அந்த எண்ணுக்குக் குறைந்த நாள்களில் முடிக்க முடியாது. ஆனால் அந்த எண்ணே போதும் என்றும் சொல்ல முடியாது. இயற்கணிதம், புள்ளியியல், பொருளியல், சட்டம், உளவியல் என்று ஐந்து தாள்களை எடுத்துக்கொள்வோம். சிலர் இயற்கணிதமும் புள்ளியியலும், சிலர் புள்ளியியலும் பொருளியலும், சிலர் பொருளியலும் சட்டமும், சிலர் சட்டமும் உளவியலும், சிலர் உளவியலும் இயற்கணிதமும் எழுதுகிறார்கள். எவருக்கும் இரண்டு தாள்களுக்கு மேல் இல்லை. இயற்கணிதத்தை முதல் நாளில் வைத்தால் புள்ளியியல் இரண்டாம் நாளுக்குப் போகும், பொருளியல் முதல் நாளுக்கு வரும், சட்டம் இரண்டாம் நாளுக்குப் போகும். உளவியலுக்கு இரண்டு நாள்களிலும் இடமில்லை, ஏனெனில் முதல் நாளில் இயற்கணிதமும் இரண்டாம் நாளில் சட்டமும் இருக்கின்றன. மூன்றாம் நாள் தேவைப்படுகிறது. ஐந்து தாள்கள் வளையமாகப் பிணைந்திருப்பதே காரணம். பழைய தாளை மீண்டும் எழுதும் ஒரே ஒரு மாணவரால்கூட இப்படி ஒரு வளையம் மூடிக்கொள்ளும். எனவே அந்த எண்ணுக்குக் ‘குறைந்தபட்ச நாள்கள்’ என்று பெயரிடுவதே பொருந்தும்.

மறைமலை ஐயா சொல்வது உண்மையான துன்பம்தான், ஆனால் வேறு வகை. 2007-ஆம் ஆண்டின் பன்னாட்டு அட்டவணைப் போட்டியிலும் ஒரே நாளில் இரண்டு தாள்கள் வருவதையும், தாள்கள் மிக நெருங்கி வருவதையும் தனித்தனியாகவே மதிப்பிட்டார்கள். ‘இடைவெளிக் குறை’ என்று அதைப் பிரித்துவிடலாம்.

மறைமலை:

எழுதுகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். இருந்தாலும் சரி.

நாச்சியார்:

விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ‘பிணைப்பு’ என்றதும் வேதியியல் படித்தவருக்கு அணுக்கள்தான் நினைவுக்கு வரும். ‘தேர்வர்த் தொடுப்பு’ என்றால் என்ன?

செந்தாமரை:

எச்சரிக்கைக்கு ‘நாள்மோதல்’ என்றும், எண்ணுக்குக் ‘குறைந்தபட்ச நாள்கள்’ என்றும் இன்றே மாற்றிவிடுகிறேன். பெயர்ப்பதிவு தாமதமாக வந்து, வெளியிட்ட அட்டவணையில் புதிய கோடு முளைத்தால் அங்கே நாள்மோதல் தோன்றும் என்பதால், இரண்டு சொற்களும் ஒரே திரையில் அருகருகே வரும். அதற்குத் ‘தொடுப்பு’ சிறிதாக இருந்து வசதி தருகிறது. ஆனால் இணையத் தொடுப்பு என்று ஏற்கெனவே பொருள் கொள்கிறார்களே என்ற தயக்கமும் இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை ‘பிணைப்பு’ என்றே விட்டுவைக்கிறேன்.