உதவி: ஸ்கோர் புத்தகத்தில் 6 ஓட்டம் குறைகிறது, காலையில் ஒப்படைக்க வேண்டும்

மாங்குளம்_மூன்றாம்மட்டை (இரவு 8.40)
வணக்கம். இன்று 20 ஓவர் ஆட்டத்துக்கு நான்தான் ஸ்கோரர். எழுத வேண்டியவர் வரவில்லை, என்னைப் பிடித்து மேசையில் இருத்திவிட்டார்கள். மொத்தம் 137. பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களைக் கூட்டினால் 131தான் வருகிறது. நான்கு தடவை கூட்டிவிட்டேன். விக்கெட்டும் ஒன்று குறைகிறது. எங்கே பிழை? அவசரம்.

குளத்தடி (8.47)
கடினப்பந்தா, மென்பந்தா? உதிரிகள் எத்தனை? எந்தெந்த வகையில்? துடுப்பாட்டப் பக்கம் சரியாக வருகிறதா? எதையும் சொல்லாமல் எங்கே பிழை என்றால் நாங்கள் சாத்திரமா பார்ப்பது?

முல்லை_சுழல் (8.52)
தம்பி, பதற வேண்டாம். பையும் லெக் பையும் பந்துவீச்சாளர் கணக்கில் சேராது. அதனால் அந்தப் பக்கம் எப்போதும் குறையத்தான் செய்யும். உங்கள் 6 அதுதான். அப்படியே கொடுத்துவிட்டுப் படுங்கள்.

மாங்குளம்_மூன்றாம்மட்டை (8.58)
கடினப்பந்து. துடுப்பாட்டக்காரர்கள் 116, உதிரிகள் 21. அது சரியாக 137 வருகிறது. வைட் 9, நோபோல் 4, பை 5, லெக் பை 3.

குளத்தடி (9.06)
சுழல் அண்ணா பாதி சரி. பை 5, லெக் பை 3 என்றால் 8. ஆகவே பந்துவீச்சுப் பக்கம் 8 குறைந்து 129 ஆக இருக்க வேண்டும். தம்பியிடம் 131 இருக்கிறது. இவருக்கு 6 குறையவில்லை, 2 கூடியிருக்கிறது. யாரோ ஒரு பந்துவீச்சாளரின் தலையில் அவர் கொடுக்காத 2 ஓட்டத்தைக் கட்டிவிட்டீர்கள். இவ்வளவு நேரமும் குறைந்ததைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

விக்கெட்டில் ரன் அவுட் ஏதும் உண்டா? அது அணியின் கணக்கில் மட்டும்தான் விழும், பந்துவீச்சாளருக்குப் போகாது.

மாங்குளம்_மூன்றாம்மட்டை (9.09)
ஓம், ஒரு ரன் அவுட். அப்படியென்றால் விக்கெட் சரி. நன்றி.

பரந்தன்_பார்வையாளன் (9.15)
விக்கெட் பேச்சு வந்ததால் கேட்கிறேன். போன மாதம் எங்கள் ஊரில் ஒருவர் புதிதாக இறங்கி, முதல் பந்தே வைட், காலை எடுத்து வெளியே வந்தார், காப்பாளர் ஸ்டம்பைத் தட்டிவிட்டார். ஸ்கோரர் அதை ரன் அவுட் என்று எழுதிவிட்டார். வைட் பந்தில் ரன் அவுட் மட்டும்தான் கொடுக்கலாம் என்கிறார். சரியா?

முல்லை_சுழல் (9.19)
சரிதான். சட்டத்துக்குப் புறம்பான பந்தில் ஸ்டம்பிங் கிடையாது.

பழைய_கொப்பி (9.26)
புத்தகத்தைத் திறக்காமலே எல்லோரும் சட்டம் சொல்கிறீர்கள். ஸ்டம்பிங் இல்லாதது நோபோலில். வைட்டில் ஸ்டம்பிங் உண்டு, விக்கெட்டும் பந்துவீச்சாளருக்கே. ஒரு வைட்டும் அவர் கணக்கில் ஏறும். வைட் பந்தைத் துடுப்பாட்டக்காரர் எதிர்கொண்டதாகக் கணக்கில்லை, ஆகவே அந்தப் பிள்ளை பூச்சியம் ஓட்டம், பூச்சியம் பந்து என்று போக வேண்டியவர். முப்பது வருடமாக எழுதுகிறேன். இப்போது பென்சில் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் மேசையில் இருக்கிறான்.

குளத்தடி (9.31)
ஐயா சொன்னது சரி, கடைசி வரி தேவையில்லை. தம்பி, 2 ஓட்டத்தைப் பிடிக்க ஒரே வழி ஓவர் ஓவராகப் போவதுதான். ஒவ்வொரு ஓவர் முடிவிலும், அதுவரை பந்துவீச்சாளர்கள் கொடுத்ததையும் அதுவரை வந்த பை, லெக் பையையும் கூட்டுங்கள். அந்த நேரத்து அணி ஓட்டம் வர வேண்டும். எந்த ஓவரில் முதன்முதலாக உடைகிறதோ அதை இங்கே பந்து பந்தாக எழுதுங்கள். மற்றதைத் தொட வேண்டாம். முக்கியமாக, அழிறப்பரை எடுக்காதீர்கள்.

வவுனியா_வேகம் (9.40)
இந்தக் காலத்தில் ஏன் கொப்பி? கைத்தொலைபேசியில் எழுதினால் தானே கூட்டித் தருமே.

பழைய_கொப்பி (9.42)
பதினைந்தாவது ஓவரில் பற்றரி தீர்ந்தால் அதுவும் தானே நிரப்பித் தருமோ?

மாங்குளம்_மூன்றாம்மட்டை (10.20)
13 ஓவர் முடிவில் அணி 84. பந்துவீச்சு 80, பை 3, லெக் பை 1. சரி. 14 முடிவில் அணி 94. பந்துவீச்சு 89, பை 5, லெக் பை 2, கூட்டினால் 96. இதுதான் இடம்.

அந்த ஓவர்: ஓட்டமில்லை, 1, பிறகு நோபோல், காப்பாளர் விட்டதில் இரண்டு ஓடினார்கள், 4, ஓட்டமில்லை, 1, கடைசிப் பந்தில் லெக் பை 1.

குளத்தடி (10.27)
அந்த நோபோலுக்கு என்ன அடையாளம் போட்டீர்கள்? மட்டையில் பட்டதா? நடுவர் பந்து முடிந்ததும் நோபோலுக்குப் பிறகு வேறு ஏதும் காட்டினாரா?

மாங்குளம்_மூன்றாம்மட்டை (10.33)
மட்டையில் படவில்லை. கையை விரித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். நான் வட்டம் போட்டு உள்ளே இரண்டு புள்ளி வைத்தேன்.

குளத்தடி (10.41)
பிடிபட்டது. நடுவர் காட்டியது பை. ஆகவே அந்தப் பந்தில் நோபோல் 1, பை 2. உதிரிப் பெட்டியில் அப்படியே சரியாகப் போட்டிருக்கிறீர்கள். ஓவர் முடிந்து கூட்டும்போது வட்டத்தையும் இரண்டு புள்ளியையும் பார்த்து 3 என்று பந்துவீச்சாளருக்கும் ஏற்றிவிட்டீர்கள். அந்த 2 ஓட்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது. அவருக்கு அந்த ஓவரில் 1, 1, 4, 1 என்று 7தான். உங்கள் புத்தகத்தில் 9 இருக்கும்.

நான் இப்படியான பந்துக்கு வட்டத்துக்குள் சிறு முக்கோணம் வரைந்து 2 என்று எழுதுவேன். புள்ளி வைத்தால் காற்றில் தாள் பறக்கும் அவசரத்தில் கண் ஏமாறும்.

பழைய_கொப்பி (10.50)
புள்ளி வைத்தது சரியே. மூன்றும் நோபோல். உதிரிப் பெட்டிதான் பிழை. நோபோல் 6, பை 3 என்று மாற்றச் சொல்லுங்கள். 131 உடன் பை 3, லெக் பை 3. 137. கணக்கு நேராகிறது, பந்துவீச்சில் கை வைக்கவே தேவையில்லை.

குளத்தடி (10.58)
ஐயா, 2017 வரை அதுதான் சட்டம். அந்த வருடம் மாற்றிவிட்டார்கள். மட்டையில் படாத நோபோலில் ஓடியது இப்போது பை, உடம்பில் பட்டால் லெக் பை. அதனால்தான் நடுவர் கையைத் தூக்கினார். உங்கள் வழியிலும் கூட்டல் நேராகும் என்பதுதான் இதில் உள்ள பொறி. 129 உடன் 8, 131 உடன் 6, இரண்டும் 137தான். கூட்டல் சரி என்பதால் எழுதியது சரி என்றாகாது.

பழைய_கொப்பி (11.04)
எங்கள் லீக்கின் விதித்தாளில் அப்படி எதுவும் இல்லை.

குளத்தடி (11.06)
அந்தத் தாள் எந்த வருடம் அடித்தது?

முல்லை_சுழல் (11.10)
வைட்டில் இரண்டு ஓடினாலும் பை என்று பிரிக்க வேண்டுமா?

குளத்தடி (11.13)
இல்லை. வைட்டில் ஓடியது எல்லாம் வைட். இரண்டு ஓடினால் 3 வைட், மூன்றும் பந்துவீச்சாளருக்கே. நோபோலில் மட்டும்தான் பிரிவு.

பரந்தன்_பார்வையாளன் (11.21)
கிளிநொச்சியில் நல்ல ஸ்கோர் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

மாங்குளம்_மூன்றாம்மட்டை (காலை 6.15)
அண்ணா, 7 என்று திருத்தி, பக்கத்தில் கையொப்பம் வைத்தேன். 129 வருகிறது. ஆனால் ஒரு சிக்கல். அந்த ஓவரைப் போட்டவர் 3 விக்கெட், 29 ஓட்டம் என்று இருந்தார், இப்போது 27. மற்ற அணியில் ஒருவர் 3 விக்கெட், 28 ஓட்டம். சிறந்த பந்துவீச்சாளர் கிண்ணத்தை நேற்று மாலையே அவருக்குக் கொடுத்துவிட்டோம். பஸ் வந்துவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

பழைய_கொப்பி (6.40)
என் முறைப்படி எழுதியிருந்தால் கிண்ணம் இருக்கும் இடத்திலேயே இருந்திருக்கும்.

குளத்தடி (7.02)
தம்பி, மற்ற அணியின் ஸ்கோரர் புத்தகத்தில் அந்தப் பந்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது? ஒப்படைக்க முன் அதைப் பாருங்கள்.

வவுனியா_வேகம் (இரண்டு நாள் கழித்து)
கிண்ணம் என்னாயிற்று?