வருங்கால மேனேஜருக்கு நன்றி மெயில்: இது போதுமா?

நேற்று என் வருங்கால மேனேஜர் டீ குடிக்கக் கூப்பிட்டார். இன்டர்வியூ மாதிரி இல்லை, முக்கால் மணி நேரம் சும்மா பேசினோம். பில்லையும் அவரே கொடுத்துவிட்டார். ஆஃபர் லெட்டர் இன்னும் கைக்கு வரவில்லை.

இன்றைக்குள் அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன்:

"வணக்கம் மேடம். நேற்று நேரம் ஒதுக்கியதற்கும் டீக்கும் நன்றி. மாதக் கடைசியில் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பதில்தான் டீமுக்கு நேரம் போகிறது என்றீர்கள். முந்தைய வேலையில் நானும் அதில் மாட்டியிருக்கிறேன். சேர்ந்ததும் அதைப் பார்க்க ஆவல்."

முதலில் எழுதியது பத்து வரி, பாதி புகழ்ச்சி. படித்தால் எனக்கே கூச்சம், வெட்டிவிட்டேன். "சேர்ந்ததும்" என்பது முந்திக்கொள்வதாகத் தெரியுமா? ஆஃபர் லெட்டரை இதிலேயே கேட்கலாமா? நன்றி சொல்வதே அதற்குத்தான் என்று தோன்றிவிடுமோ, எச்.ஆருக்குத் தனியாக எழுதலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.