அடாப்டிவ் சிங்க் போட்டால் குகைக் காட்சியில் திரை துடிக்கிறது: அணைப்பதா, சரி செய்வதா?

அவிநாசி_ரோடு

வணக்கமுங்க. 27 இன்ச் வளைவு மானிட்டர், விஏ பேனல், 165 ஹெர்ட்ஸ், டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டியிருக்கிறேன். அடாப்டிவ் சிங்க் ஆன் செய்தால் கேம் வழுவழுவென்று ஓடுகிறது, ஆனால் குகை, இரவு, லோடிங் ஸ்கிரீன் வந்தால் சாம்பல் நிறப் பகுதி முழுக்க வெளிச்சம் கூடிக் குறைந்து துடிக்கிறது. ஆஃப் செய்தால் துடிப்பு நின்றுவிடுகிறது, படம் கிழிகிறது. குகையில் 45 முதல் 60 எஃப்பிஎஸ் வரும். மானிட்டர் கெட்டுப்போனதா, திருப்பிக் கொடுக்கலாமா?

சோமனூர்_தறி

தம்பி, உங்கள் பக்கம் கரண்ட் எப்படி? எங்கள் ஊரில் தறி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி ஏறும், டியூப்லைட்டே மங்கி மங்கி எரியும். முதலில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் மானிட்டரைக் குறை சொல்லலாம்.

ஈரோடு_60

ஸ்டெபிலைசரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அடாப்டிவ் சிங்க்கை அணைத்துவிட்டு, படத்தைத் திரையின் அடுத்த சுற்று வரை காத்திருக்க வைக்கும் விசிங்க் போட்டு விளையாடுங்கள். இந்த வசதி ஆரம்பத்திலிருந்தே அரைகுறைதான். 2019 ஜனவரியில் என்விடியா தன் கார்டுகளில் ஃப்ரீசிங்க் என்று ஏஎம்டி பெயர் வைத்த அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களை அனுமதித்தபோது 400 மானிட்டரைச் சோதித்து 12 மட்டும்தான் தேறியது என்று அவர்களே சொன்னார்கள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அப்படியும் ஆன் செய்தே தீருவேன் என்றால் கேபிளை மாற்றுங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு.

நொய்யல்கரை

கேபிளும் இல்லை, கரண்டும் இல்லை. தம்பி எழுதியதிலேயே விடை இருக்கிறது: இருட்டில் மட்டும், சிங்க் ஆன் செய்தால் மட்டும். வோல்டேஜ் இறங்குவதுதான் காரணமென்றால் சிங்க் ஆஃப் செய்தபோதும், வெள்ளைத் திரையிலும் தெரிய வேண்டும். அதோடு மானிட்டர் அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை. கேபிள் கோளாறு வேறு மாதிரி காட்டும். திரை ஒரு நொடி முழுக்கக் கறுப்பாகிவிட்டுத் திரும்ப வரும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். சாம்பல் நிறம் மட்டும் மெல்ல ஏறி இறங்காது.

அந்த 400-க்கு 12 கணக்கு உண்மை. ஆனால் தேறாதவை எல்லாம் துடித்ததால் தேறாதவை அல்ல. சிங்க் வேலை செய்யும் ஹெர்ட்ஸ் ரேஞ்ச் போதுமான அகலம் இல்லாதவை, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வசதி ஆன் ஆகியிருக்காதவை என்று பல வகை அதில் உண்டு.

சரி, நடப்பது என்ன? சிங்க் இல்லாதபோது உங்கள் திரை 6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கும், கார்டு படம் முடித்ததா என்று பார்க்காது. சிங்க் ஆன் செய்தால் ஒரு படத்தை வரைந்து முடித்த பிறகு, கார்டு அடுத்ததைத் தரும்வரை திரை சும்மா காத்திருக்கும். வரையும் வேகம் மாறுவதில்லை, இந்தக் காத்திருப்புதான் நீள்கிறது, குறைகிறது. வழுவழுப்பு அதனால் வருகிறது, துடிப்பும் அதனால்தான். பிக்சலில் ஏற்றிய மின்னழுத்தம் பாத்தியில் கட்டிய தண்ணீர் மாதிரி, அடுத்த மடை திரும்பும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். 6 மில்லிசெகண்டில் கசிவது வேறு, 20 மில்லிசெகண்டில் கசிவது வேறு. ஆகவே ஒரே சாம்பல் நிறம் 50 ஹெர்ட்ஸில் ஒரு வெளிச்சத்திலும் 150 ஹெர்ட்ஸில் இன்னொரு வெளிச்சத்திலும் தெரிகிறது. விஏ பேனலில் கறுப்புக்குப் பக்கத்திலிருக்கும் நிறங்களுக்கு மின்னழுத்தம் துளி மாறினாலே வெளிச்சம் நன்றாக மாறிவிடும், அதனால் குகையில் கண்ணில் அடிக்கிறது, வெயில் காட்சியில் தெரிவதில்லை.

மானிட்டர் கெடவில்லை தம்பி. அதன் மெனுவில் ரெஃப்ரஷ் ரேட்டைக் காட்டும் வசதி இருக்கும், அதை ஆன் செய்துவிட்டுக் குகைக்குள் நின்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வடவள்ளி_வித்யா

எனக்கும் இதே துடிப்புதான், ஆனால் நான் கேமே விளையாடுவதில்லை. வீடியோ எடிட் செய்கிறேன். டைம்லைனை இழுக்கும்போது கறுப்பு இன்டர்ஃபேஸ் முழுக்க மினுக்குகிறது. நானும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டுமா?

நொய்யல்கரை

வேண்டாங்க அக்கா, உங்களுக்கு வேலை சுலபம். என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில், அடாப்டிவ் சிங்க்குக்கு அவர்கள் வைத்த பெயரான ஜி-சிங்க் பக்கத்துக்குப் போய் `Enable for windowed and full screen mode` தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் எடிட்டர் சன்னலையே கேம் என்று எடுத்துக்கொண்டு அதன் வேகத்துக்குத் திரையை ஓட்டும். நீங்கள் இழுக்கும்போது ஒரு வேகம், நிறுத்தினால் ஒரு வேகம், அதுதான் மினுக்கம். `Enable for full screen mode` என்று மாற்றிவிடுங்கள்.

அவிநாசி_ரோடு

அண்ணா, பார்த்தேன். எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. 50, 49, அப்புறம் சட்டென்று 94, திரும்ப 51, மறுபடி 95. அது குதிக்கிற ஒவ்வொரு முறையும் குகைச் சுவர் துடிக்கிறது. நான் அவ்வளவு எஃப்பிஎஸ் வாங்கவே இல்லையே, 94 எங்கிருந்து வருகிறது?

நொய்யல்கரை

இதுதான் இடம். உங்கள் மானிட்டரின் ரேஞ்ச் 48 முதல் 165 ஆக இருக்கும். 48-க்குக் கீழே அதனால் காத்திருக்க முடியாது, அதனால் 47 எஃப்பிஎஸ் வந்தால் டிரைவர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை அனுப்பி 94 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறது. எல்எஃப்சி என்பது இதுதான், நல்ல வசதி, இல்லாவிட்டால் 48-க்குக் கீழே படம் கிழியும். ஆனால் உங்கள் குகை அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. 49-இல் ஒரு படம் 20 மில்லிசெகண்ட் திரையில் நிற்கிறது, 47-க்கு இறங்கினால் அதுவே 10.6 ஆகிறது. நொடிக்குப் பல முறை இந்தத் தாவல் நடக்கிறது.

ஈரோடு_60

அதைத்தான் நானும் சொல்கிறேன், எஃப்பிஎஸ்ஸைக் கட்டிப் போடுங்கள். 60-க்குக் கேப் போட்டால் எண் ஆடாது, துடிப்பும் இருக்காது. இதற்கு இத்தனை விளக்கம் எதற்கு?

நொய்யல்கரை

அவர் கார்டுக்குக் குகையில் 45-தான் வருகிறது, 60-க்குக் கேப் போட்டு என்ன பயன்? கேப் மேலே ஏறுவதைத் தடுக்கும், கீழே விழுவதைத் தடுக்காது. இன்னொன்று, மூலையில் 60 என்று அசையாமல் நிற்கும் எண் சராசரி. உள்ளே ஒரு படம் 12 மில்லிசெகண்டிலும் அடுத்தது 22-இலும் வந்துகொண்டிருக்கலாம், சிங்க் சராசரியைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பின்தொடர்கிறது. 60 நிலையாகத்தான் இருக்கிறது, அப்படியும் துடிக்கிறதே என்று கேட்பவர்கள் ஃப்ரேம்டைம் கோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தம்பி, எல்லைக்கோட்டையே உங்கள் குகைக்குத் தூரமாக நகர்த்திவிடலாம். CRU என்ற இலவசக் கருவியை இறக்கி `CRU.exe` திறந்து, மேலே உங்கள் மானிட்டரைத் தேர்ந்து, பக்கத்திலுள்ள `Edit...` அழுத்தி ரேஞ்சை மாற்றுங்கள்:

```
V rate (Hz): 48 - 165
V rate (Hz): 80 - 165
```

மேல் வரி இப்போது இருப்பது, கீழ் வரி போட வேண்டியது. ஓகே கொடுத்துவிட்டு `restart64.exe` ஓட்டுங்கள், திரை ஒரு முறை அணைந்து வரும். பிடிக்கவில்லை என்றால் `reset-all.exe` ஓட்டி ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். இது டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு. எச்டிஎம்ஐ என்றால் அதே கருவியில் எக்ஸ்டென்ஷன் பிளாக்குக்குள் `FreeSync range` என்று தனியாக இருக்கும்.

80 ஏன் என்றால், இரட்டிப்பு வேலை செய்ய மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், 165-க்கு 80 சரியாக அடங்கும். இனி 45 எஃப்பிஎஸ் 90 ஹெர்ட்ஸ், 60 எஃப்பிஎஸ் 120 ஹெர்ட்ஸ். 50-க்குத் திரை இறங்கவே இறங்காது.

சோமனூர்_தறி

இவ்வளவு நோண்டுவதற்குப் பதில் ஓஎல்இடி வாங்கிவிட்டால் தீர்ந்ததல்லவா? அதில் கசிவும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

நொய்யல்கரை

தீராதுங்க. ஓஎல்இடியிலும் இதே துடிப்பு உண்டு, அங்கேயும் இருண்ட சாம்பலில்தான். நிற அளவை அதிக ரெஃப்ரஷ் ரேட்டுக்குப் பொருந்தும்படி அமைத்திருப்பார்கள், வேகம் இறங்கும்போது வெளிச்சம் அதிலிருந்து விலகுகிறது. ஐபிஎஸ்ஸில் பொதுவாகக் குறைவாகத் தெரியும், ஆனால் அதில் குகையின் கறுப்பு சாம்பலாகிவிடும், அது வேறு வருத்தம். மானிட்டர் வாங்கப் போகிறவர்கள், டிஸ்ப்ளே தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2022-இல் கொண்டுவந்த அடாப்டிவ்சிங்க் டிஸ்ப்ளே முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சோதனையில் பிளிக்கரையும் அளக்கிறார்கள்.

வடவள்ளி_வித்யா

முழுத்திரைக்கு மட்டும் என்று மாற்றினேன், டைம்லைன் மினுக்கம் போய்விட்டது. நன்றிங்க.

அவிநாசி_ரோடு

80 போட்டேன் அண்ணா. குகையில் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன், எண் 92-க்கும் 118-க்கும் நடுவில் ஆடுகிறது, துடிப்பு இல்லை. லோடிங் ஸ்கிரீனில் மட்டும் இன்னும் இருக்கிறது. ஆனால் வெளியே வயல்வெளிக்கு வந்து இரவு ஆனதும் புதிதாக ஆரம்பிக்கிறது, அங்கே 75 முதல் 85 எஃப்பிஎஸ் வரும்.

நொய்யல்கரை

கோடு இப்போது 80-இல் இருக்கிறது அல்லவா, வயல்வெளி அதன் மேல் நிற்கிறது. 79 வந்தால் 158, 81 வந்தால் 81. முன்பு போல மோசமாக இருக்காது, 12 மில்லிசெகண்டுக்கும் 6-க்கும் நடுவில்தான் தாவுகிறது, ஆனால் தெரியத்தான் செய்யும். 76-க்குக் கேப் போடுங்கள். இங்கே கேப் உதவும், ஏனென்றால் கார்டு அதற்கு மேலும் தரக்கூடிய இடம் இது. எல்லாப் படமும் இரட்டிப்புக்குள்ளேயே வந்துவிடும், திரை 90-க்கும் 152-க்கும் நடுவில் நிற்கும். லோடிங்கை விட்டுவிடுங்கள், அங்கே வேகம் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கில் ஏறிச் சட்டென்று நின்றும் போகும், எந்த ரேஞ்சும் அதைப் பிடிக்காது.

ஈரோடு_60

165 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 76-க்குக் கேப் போடச் சொல்கிறீர்கள். என் வழியைக் கேளுங்கள்: சிங்க் ஆஃப், மானிட்டரை 120-இல் நிறுத்தி விசிங்க் ஆன், கேமை 40-க்குக் கேப். 120-இல் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று சுற்று, 25 மில்லிசெகண்ட், ஒரு குலுக்கல் கிடையாது. அவர் குகையில் 45-க்குக் கீழே போவதே இல்லை. துடிப்பு சுத்தமாக பூஜ்யம், லோடிங்கிலும்.

நொய்யல்கரை

40-இல் விளையாட மனசு வந்தால் அது சரியான வழிதான், துடிப்பு இருக்காது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விசிங்க்கால் மவுஸ் இழுவை கூடும், 76 கிடைக்கும் வயல்வெளியிலும் 40-தான். கேப்பை 60-க்கு ஏற்றினால் குகையில் சில படம் இரண்டு சுற்று, சில படம் மூன்று சுற்று நிற்கும், அந்தக் குலுக்கல் எனக்குத் துடிப்பைவிடத் தாங்காது.

ஈரோடு_60

எனக்குத் துடிப்புதான் தாங்காது, இரண்டு மணி நேரத்தில் தலை வலிக்கிறது. கதை கேமில் மவுஸ் இழுவையை யார் பார்க்கிறார்கள்?

அவிநாசி_ரோடு

நான் கதை கேமும் ஆடுகிறேன், நண்பர்களோடு ஷூட்டரும் ஆடுகிறேன் அண்ணா. ஷூட்டரில் 140-க்கு மேல் வருகிறது, அதற்கு அந்த 76 கேப் ஆகாதே?

நொய்யல்கரை

கேப்பை அந்தக் கதை கேமுக்கு மட்டும் டிரைவர் ப்ரொஃபைலில் போடுங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட வேண்டாம். ஷூட்டருக்கு 158 போதும், ரேஞ்சின் உச்சியைத் தொடாமல் உள்ளேயே இருக்கும்.