டிக்கெட் டு ரைடு: நீண்ட பாதையில் முதலில் எதைப் பிடிப்பது?

முத்தியால்பேட்டை வீட்டில் ஞாயிறுதோறும் நான், தங்கை, அத்தை மகன் மூவரும் டிக்கெட் டு ரைடு என்ற ரயில் பாதை போடும் பலகை விளையாட்டை அமெரிக்க வரைபடத்தில் விளையாடுகிறோம். போன வாரம் தொடக்கத்தில் எனக்கு வந்த, இரண்டு ஊர்களை இணைக்கச் சொல்லும் மூன்று டிக்கெட்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ்–மியாமி (20 புள்ளி), டல்லாஸ்–நியூயார்க் (11) இரண்டையும் வைத்துக்கொண்டேன், இரண்டுமே தெற்கில் ஒட்டி வருகிறதே என்று.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து எல் பாசோ, அங்கிருந்து ஹூஸ்டன், அப்புறம் நியூ ஆர்லியன்ஸ்–மியாமி, எல்லாம் ஆறு பெட்டி நீளம், ஒவ்வொன்றுக்கும் 15 புள்ளி என்பதால் கறுப்பு, பச்சை, சிவப்பு அட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அவற்றையே முதலில் போட்டேன். நடுவில் ஹூஸ்டன்–நியூ ஆர்லியன்ஸ் இரண்டே பெட்டி, எந்த நிறமும் போதும், எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று விட்டுவிட்டேன். அது ஒற்றைத் தடம். அத்தை மகன் இரண்டு நீல அட்டையை வைத்து மூடிவிட்டான். சரி, டல்லாஸ், லிட்டில் ராக் வழியாகச் சுற்றலாம் என்றால் இரண்டு பெட்டிக்குப் பதில் ஆறு, அதிலும் லிட்டில் ராக்–நியூ ஆர்லியன்ஸுக்கு மூன்று பச்சை வேண்டும். என் பச்சை எல்லாம் எல் பாசோ–ஹூஸ்டனுக்கே போய்விட்டது. ஆட்டம் முடியும்போது கையில் இரண்டு பச்சைதான். மியாமி டிக்கெட் முடியாததால் +20 வர வேண்டியது -20 ஆனது, அதாவது 40 புள்ளி வித்தியாசம்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அந்த இரண்டு பெட்டித் தடத்தை முதல் நாலைந்து முறைக்குள்ளேயே போட்டால் என் திட்டம் வெளியே தெரிந்துவிடாதா? மூன்று பேர் ஆடும்போது இரட்டைத் தடத்திலும் ஒருவர்தான் போட முடியும் என்பதால், மறிப்பதற்காகவே ஒரு முறையைச் செலவழிப்பது லாபமா, அல்லது அந்த நேரத்தில் புது டிக்கெட் எடுப்பது நல்லதா?