அப்பாவின் மருந்து அட்டவணை: "3 குளிசை" என்று எழுதியதால் வந்த வினை

கொக்குவில் மகள்
அப்பாவுக்கு 78 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று சொல்லி, இரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க வோபரின் தருகிறார்கள். அப்பாவோடு இருப்பது நான். அண்ணா வெள்ளவத்தையில், தம்பி ஸ்காபரோவில். மூவரும் பார்க்கிற மாதிரி கூகுள் ஷீட் ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தில் மருந்து, மற்றப் பக்கத்தில் கிளினிக் திகதிகள்.

அதில் "வோபரின், இரவு 3 குளிசை" என்று எழுதியது நான்தான். அப்போது கிளினிக்கில் தந்தது 1 மில்லிகிராம் குளிசை. மூன்று போட்டால் 3 மி.கி., கணக்குச் சரி. போன ஆவணியில் அந்தக் குளிசை கையிருப்பில் இல்லை, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். பார்மசியில் 3 மி.கி. குளிசைதான் இருந்தது. "இது ஒன்று போட்டால் போதும்" என்று தெளிவாகச் சொல்லித்தான் தந்தார்கள். நானும் இரவில் ஒன்றுதான் கொடுத்துவந்தேன். ஷீட்டை மட்டும் மாற்றவில்லை. கொடுப்பது நான்தானே என்று இருந்துவிட்டேன்.

அடுத்த கிழமை மகளைப் பேராதனையில் சேர்க்க நான் போக, அண்ணா லீவு போட்டு வந்து நின்றார். ஷீட்டைப் பார்த்து, அதில் இருந்தபடியே மூன்று குளிசை கொடுத்தார். 9 மி.கி., நான்கு இரவு. தம்பி ஒவ்வொரு நாளும் அழைத்துக் கேட்டு, ஷீட்டில் "சரி" போட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் காலை பல்லுத் தீட்டும்போது முரசில் வந்த இரத்தம் நிற்கவில்லை. முழங்கையடியில், எங்கும் அடிபடாமலே, நீலமாகக் கண்டியிருந்தது. அண்ணா ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் 6.8 வரை ஏறியிருந்தது. வோபரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, மூன்று நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். அப்பா இப்போது நல்லாயிருக்கிறார். அண்ணாதான் இன்னும் அதை நினைத்து அழுகிறார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

நீங்கள் சகோதரர்களுக்குள் இதை எப்படி எழுதி வைக்கிறீர்கள்?

நல்லூர் வடக்கு
பெரியாஸ்பத்திரி கிளினிக்கென்றால் விடியவே போய் நம்பர் எடுத்துவிடுங்கள். பிந்திப் போனால் மத்தியானம் தாண்டும். அம்மாவின் கண் கிளினிக்குக்கு நாங்கள் அப்படித்தான் போகிறோம்.

கொக்குவில் மகள்
நன்றி. நம்பர் எடுப்பதில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. மருந்தின் அளவை எழுதுவதுதான் கேள்வி.

பனங்கூடல்
கிழமைக்கு ஏழு அறை உள்ள மருந்துப் பெட்டி வாங்குங்கள். ஞாயிறு பின்னேரம் நீங்களே நிரப்பி வைத்துவிட்டால், யார் வந்து நின்றாலும் அந்த நாள் அறையைத் திறந்து கொடுத்தால் சரி. எங்கள் ஐயாவுக்கும் வோபரின்தான். அப்புறம், முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்திவிடுங்கள். நாங்கள் நிறுத்தி இரண்டு வருடம்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, சாவகச்சேரி
பெட்டி நல்ல யோசனை. ஆனால் மகள் நிரப்பினால்தான் அது உதவும். அண்ணா நிரப்பியிருந்தால் ஏழு அறையிலும் மும்மூன்று போட்டிருப்பார்.

கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது வோபரினின் வேலையைக் குறைக்கும், அதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் டொக்டர் குளிசையின் அளவைத் தீர்மானிப்பது, ஆள் வழமையாகச் சாப்பிடுகிற சாப்பாட்டோடு வருகிற ஐஎன்ஆரைப் பார்த்துத்தான். கிழமைக்கு இரண்டு தரம் முருங்கையிலை வறை சாப்பிடுகிறவர் அப்படியே சாப்பிடலாம். திடீரென்று விட்டால் ஐஎன்ஆர் ஏறும், திடீரென்று தினமும் சாப்பிட்டால் இறங்கும். உங்கள் ஐயாவுக்கு இரண்டு வருடமாகக் கீரை இல்லாமலே அளவு பிடிபட்டிருக்கும். இப்போது நீங்களாகத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம், கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மகளுக்கு: வோபரின் 1, 3, 5 மில்லிகிராமில் வரும். அதனால் எண்ணிக்கையை மட்டும் எழுதவே கூடாது. "இரவு 3 மி.கி." என்று முதலில் எழுதி, பக்கத்தில் "இப்போது வீட்டில் உள்ளது 3 மி.கி. குளிசை, ஒன்று" என்று எழுதுங்கள். குளிசை மாறினால் இரண்டாவது பகுதி மட்டும் மாறும், டொக்டர் அளவை மாற்றினால் இரண்டும் மாறும். நிறத்தை எழுதி வைக்காதீர்கள். கம்பனி மாறினால் நிறமும் மாறக்கூடும்.

இன்னொன்று. இந்த மருந்தில் கூடக் கொடுத்தது அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதனால்தான் நான்கு இரவும் அப்பா சுகமாகவே தெரிந்திருப்பார். முரசு இரத்தம், காரணமில்லாத கண்டல், சிவந்த சிறுநீர், கறுத்த மலம், இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் வரை இருக்கக் கூடாது. தலை அடிபட விழுந்தால், ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே கொண்டு போக வேண்டும். ஓர் இரவு தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். தவறியதைக் கிளினிக் கொப்பியில் குறித்துக் காட்டுங்கள்.

ஸ்காபரோ மூத்தவன்
உங்கள் தம்பியின் இடத்தில் நான் இருக்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். நாங்கள் போடுகிற "சரி", கொடுத்தாயிற்று என்பதை மட்டும்தான் சொல்லும். எதைக் கொடுத்தார்கள் என்று சொல்லாது. இப்போது நான் தங்கச்சியிடம் "போட்டாச்சா" என்று கேட்பதில்லை, "எத்தனை மில்லிகிராம்" என்று கேட்கிறேன். அவள் அட்டையைத் திருப்பி வாசித்துச் சொல்கிறாள், நான் அந்த எண்ணை எழுதுகிறேன்.

எங்களுக்கு வேறொரு பிழை நடந்தது. அம்மாவின் கிளினிக் நாளில் காலை 6 மணிக்குத் தங்கச்சியின் போன் அடிக்க வேண்டும் என்று, மாதா மாதம் வருகிற நினைவூட்டலை நான் இங்கிருந்து முதல்நாள் இரவு 8.30க்குப் போட்டேன். கோடையில் சரியாக அடித்தது. நவம்பரில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப, அங்கே 7 மணிக்கு அடித்தது. அந்த முறை அம்மா வரிசையின் கடைசியில் நின்றார். இப்போது நிகழ்வை உருவாக்கும்போதே நேர வலயத்தில் கொழும்பைத் தெரிவுசெய்து 6 மணி என்று போடுகிறேன். அப்புறம் இங்கே என்ன மாறினாலும் அங்கே மாறாது.

பனங்கூடல்
கீரை விஷயத்தை அடுத்த கிளினிக்கில் கேட்கிறேன், மிஸ்ஸி. ஐயா முருங்கையிலைக்கு ஏங்கிப்போய் இருக்கிறார்.

கொக்குவில் மகள்
இன்று பின்னேரம் மூவரும் வீடியோவில் இருந்து ஷீட்டை மாற்றினோம். மிஸ்ஸி சொன்னபடி மில்லிகிராம் ஒரு நிரலில், வீட்டில் உள்ள குளிசை அடுத்த நிரலில். மூன்றாவதில், கொடுப்பவர் அட்டையில் வாசித்த எண்ணைத் தானே எழுத வேண்டும். புது அட்டை வாங்கினால், மி.கி. தெரிகிற மாதிரி படம் எடுத்துக் குழுவில் போட்ட பிறகுதான் திறப்பது. பழைய ஷீட்டின் படங்கள் வாட்ஸ்அப்பில் கிடந்தன, எல்லாவற்றையும் அழித்தோம். அண்ணாவின் போனிலேயே இரண்டு இருந்தன.

ஒன்றில் மட்டும் மூவருக்கும் ஒத்துவரவில்லை. மி.கி. நிரலை நான் மட்டும்தான் மாற்றலாம் என்று பூட்டி வைத்தோம். ஆனால் நான் இல்லாத நாளில் அண்ணா கிளினிக்குக்குக் கூட்டிப் போய், டொக்டர் அளவை மாற்றினால்? அண்ணா தனக்கும் திறந்துவிடச் சொல்கிறார். கொப்பியின் படத்தை எனக்கு அனுப்பினால் நான் எங்கிருந்தாலும் மாற்றுவேன் என்கிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் நான் நின்றால் என்ன செய்வது என்று தம்பி கேட்கிறார்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, சாவகச்சேரி
அன்றைக்குக் கொப்பியில் எழுதியிருப்பதுதான் மருந்து. ஷீட் பிந்தினாலும் கொப்பியைப் பார்த்துக் கொடுக்கலாம். ஷீட்டை யார் திறப்பது என்பது உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஸ்காபரோ மூத்தவன்
எங்கள் வீட்டில் இருவருக்கும் திறந்திருக்கிறது. ஒருவர் மாற்றினால் மற்றவர் கொப்பிப் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் போட வேண்டும். இரண்டு தரம் பெயர் போட நான் மறந்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும்.