பிடுங்கினால் விட மாட்டான், அசையாமல் நின்றால் விடுகிறான்

மண்டபத்துக்காரன்:
எங்கள் கருப்பன் நாட்டு நாய், 11 மாதம். படகில் கழித்துப்போட்ட கயிற்றை ஒருநாள் ஆட்டிக் காட்டினேன், அதோடு பிடித்தது வினை. கயிற்றைப் பார்த்தாலே பாய்வான், கையையும் சேர்த்துக் கவ்வுவான், நான் பிடுங்கப் பிடுங்க அவனுக்குக் கொண்டாட்டம். பிடுங்குவதும் அவனுக்கு விளையாட்டுதான் என்று தாமதமாகத்தான் உறைத்தது. இப்போது 'விடு' என்று ஒரே தடவை சொல்லிவிட்டு, கயிற்றைத் தொடையோடு அழுத்திப் பிடித்து அசையாமல் நிற்கிறேன். முதல் நாள் ஒரு நிமிஷம் தொங்கினான். வாயைத் திறந்த அதே நொடி 'எடு' என்று திரும்பக் கொடுத்தேன். விட்டால் ஆட்டம் தொடரும் என்று புரிந்தபின், ஒரு வாரத்தில் சொன்னதும் விட்டான். அப்புறம்தான், உட்கார்ந்தால் 'எடு' என்று அடுத்த விதி. பல் கையில் பட்டால் கயிறு முதுகுக்குப் பின்னால் போய்விடும், அரை நிமிஷம் ஆட்டம் கிடையாது.

கீழக்கரை பாய்:
கயிறு இழுத்தால் நாய் முரடாகிவிடும் தம்பி. இழுத்தாலும் அதை ஜெயிக்க விடாதீங்க.

தேவிபட்டினம் டீச்சர்:
ஜெயிக்க விடலாம் பாய். கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடாமல் நம்மிடமே கொண்டுவந்து திணித்தால் நல்ல அறிகுறி. ஆனால் ஆட்டத்தை நிறுத்துவது நாமாக இருக்கணும், அதில் நீங்க சொல்வது பாதி சரி. உறுமலுக்குப் பயப்பட வேண்டாம். 'உட்கார்' சொன்னால் காதில் விழவில்லையா, கயிற்றை விட்டு மேலே மேலே ஏறிக் கை பக்கம் கவ்வுகிறதா, அப்போது எல்லை தாண்டிவிட்டது. அதனால் 10, 15 விநாடி இழுத்ததும் ஒரு 'விடு'.

பந்தில் நான் பட்டது வேறு. அரியமான் கடற்கரையில் தினம் 30, 40 தடவை எறிந்தேன், களைத்துத் தூங்கும் என்று. வீட்டுக்கு வந்தும் மூச்சிரைக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி அலையும். இப்போது பந்து விழுந்து நிற்கும்வரை உட்கார்ந்திருக்கணும், 'போ' என்றால்தான் ஓட்டம். முந்திக்கொண்டால் என் மகன் பந்தை எடுத்துவிடுவான். முதலில் எறியவே இல்லை, நாலடிக்கு உருட்டினேன். நடுநடுவே நானே போய் எடுத்து வருவேன். மொத்தம் ஆறு எறிதல், வெயில் தாழ்ந்த பிறகு.

உச்சிப்புளி:
எங்க நாய் ஆட்டைத் துரத்துது. இந்தப் பந்து விளையாட்டு அதுக்கு உதவுமா அக்கா?

தேவிபட்டினம் டீச்சர்:
ஆடு பந்து இல்லையே தம்பி! பந்துக்குக் காத்திருக்கிற நாய் ஆட்டுக்கும் காத்திருக்கும் என்று நம்பி அவிழ்த்து விடாதீங்க. நீளக் கயிறு இருக்கட்டும், கழுத்துப்பட்டையில் இல்லாமல் நெஞ்சுப்பட்டையில் மாட்டுங்க.

மண்டபத்துக்காரன்:
வீட்டு வாசலில் கருப்பன் தங்கம். மீன் இறக்கும் இடத்துக்குப் போனால் 'விடு' என்ற சொல்லையே மறந்துவிடுகிறான். அங்கே மறுபடி முதல் நாள் மாதிரி தொடங்கிப் பார்க்கிறேன், காக்காய்க் கூட்டம் விட்டால்.