பள்ளத்தில் உறைபனி, மேட்டில் வெதுவெதுப்பு: யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

மண்டபம், வேன் ஓட்டுகிறேன்
போன தை மாதம் ஊட்டிக்குச் சவாரி. தலைக்குந்தா பக்கம் பள்ளத்தில் வண்டியைப் போட்டு உள்ளேயே படுத்தேன். ராத்திரி மேகமில்லை, இலை அசையவில்லை. விடியும்போது கண்ணாடியில் உப்பளத்தில் உப்புப் பூத்த மாதிரி உறைபனி. வண்டி மீட்டர் வெளியே 1 டிகிரி காட்டியது. தொட்டபெட்டா ரோட்டில் ஏற ஏற 7 ஆகிவிட்டது! திரும்பிப் பார்த்தால் பள்ளம் முழுக்க மூடுபனி. அடுப்புப் புகை கொஞ்ச தூரம் எழும்பி, கூரையில் முட்டியது போல பக்கவாட்டில் பரவியது. மேலே போனால்தானே குளிரணும்?

தொண்டி
குளிர்ந்த காற்று கனம் அண்ணே. உச்சியில் இருக்கிற குளிர் ராத்திரி கீழே விழுந்துவிடும்.

தேவிபட்டினம், குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் 22 வருசம்
கனம் என்பது சரி தம்பி, உச்சியிலிருந்து என்பது சரியில்லை. உச்சிக் காற்று அப்படியே 400 மீட்டர் இறங்கினால் அழுத்தத்தில் 4 டிகிரி போல சூடாகிவிடும். குளிர் பிறப்பது சரிவுத் தரையில். தெளிந்த ராத்திரியில் புல்லும் மண்ணும் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதைத் தொடுகிற மெல்லிய காற்று மட்டும் குளிர்ந்து, தண்ணீர் மாதிரி சரிவோடு வழியும். அது போன இடத்தை வெளிக்காற்று வந்து நிரப்புவதால் மேடு அவ்வளவு குளிராது. பள்ளத்தில் தேங்கியது போக்கிடமில்லாமல் விடிய விடியக் குளிரும்.

எங்கள் தோட்டத்தில் ஓடைப் பக்கத்துச் செடிகள்தான் கருகும், சரிவில் இருப்பவை பச்சையாக நிற்கும். ஒரு வருசம் சரிவின் நடுவே, வேலிக்கு மேல்புறம் மட்டும் கருகியது. அடர்ந்த வேலி அணை போலக் குளிரைத் தேக்கியிருந்தது. அடுத்த குளிருக்கு முன் வேலியில் இரண்டு இடத்தில் வழிவிட்டோம், சேதம் குறைந்தது. மேகமோ காற்றோ இருந்த ராத்திரிகளில் இந்தக் கவலையே கிடையாது.

பாம்பன்
மார்கழிப் பனியில் எங்கள் கருவாடு ஈரமாகிவிடுகிறதே, அதுவும் இதுதானா?

தேவிபட்டினம்
அது பனித்துளி இறங்குவது. தரை குளிர்வது பொது, ஆனால் உங்களுக்குத் தேங்கப் பள்ளம் இல்லை. கடலும் பக்கத்திலேயே சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

கீழக்கரை
காக்கா, எங்கள் ஊருக்கு மேற்கே சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடுவார்கள். காற்றில்லாத விடியலில் புகை கண்மாய் மேல் படுத்தே கிடக்கும், அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருமுகிறார்கள். இங்கே மலையே இல்லையே?

தேவிபட்டினம்
மூடி விழ மலை வேண்டாம்மா. தரையோரம் குளிர், மேலே வெதுவெதுப்பு என்றாலே புகை எழும்பாது. மலை இருந்தால் பக்கச் சுவரும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். வெயில் தரையைச் சுட்டதும் மூடி உடையும். ஊட்டியில் மூடுபனி கெட்டியாக இருந்தால் அதுவே வெயிலைத் தடுத்துவிடும், கலைய நேரமாகும். உங்கள் கண்மாய்ப் பள்ளத்திலும் குளிர் தேங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே நேரத்தில் கரைமேலும் உள்ளேயும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கீழக்கரை
சனிக்கிழமை விடிகாலை 5 மணிக்கு வைக்கிறேன். மூட்டம் போடுகிறவர்களிடம் 9 மணிக்கு மேல் தீ வைக்கச் சொல்லிப் பார்த்தேன் காக்கா. மூட்டம் நாள்கணக்கில் புகையும், எப்போது பற்ற வைத்தாலும் விடியல் வரத்தானே செய்யும் என்கிறார்கள்.